குடிநீர் மெயின் குழாய்: விலையைப் பார்க்கும் முன் உள்விட்டத்தைப் பாருங்கள்

டக்டைல் அயர்ன் என்ற இரும்பு, எச்டிபிஇ, பிவிசி என்ற பிளாஸ்டிக்குகள் ஆகிய மூன்று வகைக் குழாய்களுக்கும் 200 மி.மீ. என்று விலை கேட்டு ஒப்பிடாதீர்கள். டக்டைல் அயர்னில் அது ஏறக்குறைய உள்விட்டம். எச்டிபிஇ-யிலும், பெரும்பாலும் பிவிசி-யிலும் வெளிவிட்டம். 16 பார் அழுத்தம் தாங்கும் பிஇ100 தர 200 மி.மீ. எச்டிபிஇ குழாயின் சுவர் 18.2 மி.மீ. தடிமன். இரு பக்கமும் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 163.6 மி.மீ. தண்ணீர் போகும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆக, 200 மி.மீ. டக்டைல் அயர்ன் விலைக்குப் பக்கத்தில் 250 மி.மீ. எச்டிபிஇ-யின் விலையைத்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் அழுத்தம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் பம்ப் நின்றதும் சட்டென்று நின்றால், இரும்புக் குழாயில் சுமார் 11 பார் அதிர்ச்சி எழும். எச்டிபிஇ-யில் 3 பார் அளவுதான். இரும்பு அந்த 11 பாரைத் தாங்கும். பிவிசி-யில் 4 பார் அளவே என்றாலும், தினமும் பலமுறை பம்ப் ஓடி நின்றால் திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சியில் விரிசல் விடலாம். அதனால் பிவிசி-யை நான் ஈர்ப்பு விசையில் ஓடும் சீரான லைனுக்கே வைத்துக்கொள்வேன்; அங்கே மலிவும் அதுதான்.

உப்பு மண்ணா? இரும்புக்கு பாலிஎத்திலீன் உறை கட்டாயம். மண் இறங்கும் இடமென்றால் வெல்டிங் செய்த எச்டிபிஇ.