ஹாலோ பிளாக் சுவர்: கிரவுட் கணக்கு பிசகும் இடங்கள்

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். மூட்டுக் கலவையையும் சேர்த்து பிளாக் அளவு 400×200×200 மி.மீ. சதுர மீட்டருக்கு 12.5 வீதம் 225 பிளாக். இதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. பிளாக்கின் குழிகளில் ஊற்றும் இளகிய கலவையான கிரவுட்டில்தான் பிசகுகிறது.

இரண்டு முனைகளிலும், இடையில் சுமார் 800 மி.மீ.க்கு ஒன்றாகவும் நிற்கும் கம்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 குழிகள். ஒரு குழி 150×125 மி.மீ. என்றால் 9 குழிக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.5 கன மீட்டர். (பிளாக்கின் குழியை டேப் வைத்து அளந்துவிடுங்கள், தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் மாறும்.) பலர் இத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

மூன்று வரிசைக்கு ஒருமுறை கிடைமட்டக் கம்பியும் ஓடுகிறதே? அந்த 5 வரிசைகளில் பிளாக்குக்குள் குழிகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களின் மேல்பாதியைத் தட்டியெடுத்து, வரிசை முழுவதையும் நிரப்ப வேண்டும். ஒரு வரிசையில் 15 பிளாக், பிளாக்குக்கு இரண்டு வீதம் 30 குழிகள். கம்பி நிற்கும் 9 போக மீதி 21 குழிகளும் தட்டிய இடங்களும் 5 வரிசைக்கும் சேர்ந்து இன்னொரு 0.47 கன மீட்டர். ஆக, தேவை ஏறத்தாழ 1 கன மீட்டர். சதுர மீட்டருக்கு 0.054. முதல் கணக்கைப்போல் இரண்டு மடங்கு.

கம்பியிலும் இதே கதைதான். 10 மி.மீ. கம்பி 5 வரிசைக்கு 30 மீட்டர், அதாவது 18.5 கிலோ. ஆனால் மூலையில் திரும்பி அடுத்த சுவருக்குள் போக ஒவ்வொரு முனையிலும் அரை மீட்டர் வேண்டும். அதைச் சேர்த்தால் 21.6 கிலோ, சதுர மீட்டருக்கு 1.2 கிலோ.

அடுத்த தவறுதான் பணத்தைக் குடிப்பது. கிடைமட்ட வரிசைக்குக் கீழே, கம்பி நிற்காத குழிகளின் வாயில் நெருக்கமான வலை விரிக்காமல் ஊற்றிவிடுகிறார்கள். கிரவுட் எல்லாக் குழிகளிலும் இறங்கி, 1 கன மீட்டர் வேலை 1.75-ஐத் தாண்டிவிடும். நிற்கும் கம்பி உள்ள குழியில் வலை வரக்கூடாது. அங்கே தடுத்தால் கீழ்ப்பகுதி காலியாகவே நிற்கும்.

தளக் கான்கிரீட்போல் கெட்டியாகக் கலப்பதும் ஆகாது. பிளாக் தண்ணீரை உறிஞ்சுவதால் கலவை பாதியில் சிக்கிக்கொள்ளும். கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 200 முதல் 250 மி.மீ. வரை இருக்கட்டும். 20 மி.மீ. ஜல்லி வேண்டாம், சிறு சிப்ஸ் போதும். மூட்டிலிருந்து குழிக்குள் பிதுங்கும் கலவையைக் கொத்தனார் அன்றன்றே வழித்துவிட வேண்டும். நிற்கும் குழிகளின் அடிவரிசையில் ஒரு திறப்பு விட்டால் விழுந்த கலவையைக் கிளறி எடுக்கலாம், ஊற்றுவதற்கு முன் அதை அடைத்துவிட வேண்டும்.

ஊற்றி முடித்ததும் செலவான அளவைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 1.3 போயிருந்தால் வலை எங்கோ நழுவியிருக்கிறது. 0.7-தான் போயிருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. கலவை இறுகிய பின் சின்னச் சுத்தியலால் நிற்கும் குழிகள் நெடுகத் தட்டினால், வெற்றுச் சத்தம் கேட்கும் இடம் எது என்று தெரிந்துவிடும்.