ஆய்வேட்டில் ‘கூற்றுப்படி’ மட்டுமே போதுமா?

சேலத்தில் தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர்களின் வரைவுகளில் ‘கூற்றுப்படி’, ‘கருத்துப்படி’ இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வரும். வேறு சொல் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. அந்த மூலநூல் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் பற்றிய ஓர் இயலை எடுத்துக்கொள்வோம். லெ ஃபனு, தர்ஸ்டன் என்னும் பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஆசிரியர்கள் இருவரை மேற்கோள் காட்டும் வரைவு இப்படி இருக்கிறது:

“லெ ஃபனுவின் கூற்றுப்படி மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். தர்ஸ்டனின் கூற்றுப்படியும் அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள்.”

படி 1. கோப்பில் Ctrl+F அழுத்தி ‘கூற்றுப்படி’, ‘கருத்துப்படி’ இரண்டையும் தேடி, வரும் இடமெல்லாம் மஞ்சள் பூசுங்கள்.

படி 2. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: ஆசிரியர் இதைத் தானே கண்டாரா, பிறர் சொன்னதை எழுதிவைத்தாரா, சான்று காட்டி நிறுவுகிறாரா? மூலத்தைத் திறந்து பார்க்காமல் இதற்கு விடை எழுதக் கூடாது.

1883ஆம் ஆண்டு சேலம் மாவட்டக் கையேட்டில் லெ ஃபனு எழுதியிருப்பது மலைமக்களிடம் வழங்கிய மரபுக்கதை. ஆகவே ‘பதிவு செய்கிறார்’. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளிவந்த தொகுப்பில் தர்ஸ்டன் அந்தக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஆகவே ‘எடுத்தாள்கிறார்’.

படி 3. திருத்தி எழுதுங்கள்:

“மலையாளிகளின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்னும் வாய்மொழி மரபை லெ ஃபனு பதிவு செய்கிறார் (1883). தர்ஸ்டன் (1909) அந்தக் கையேட்டையே எடுத்தாள்வதால், அவர் நூலைத் தனிச் சான்றாகக் கொள்ள இயலாது.”

முதல் வரைவில் இரண்டு சாட்சிகள் இருப்பதுபோலத் தெரிந்தது. இருந்தது ஒன்றுதான். ‘கூற்றுப்படி’ அதை மறைத்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது இப்படிப்பட்ட இடம்தான்.

மற்ற வினைகளிலும் கவனம் வேண்டும். ‘வாதிடுகிறார்’ என்று எழுத, அவர் காரணம் காட்டியிருக்க வேண்டும். சான்றில்லாமல் சொல்லியிருந்தால் ‘கருதுகிறார்’ அல்லது ‘ஊகிக்கிறார்’. ‘சுட்டிக்காட்டுகிறார்’ என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சொல்லைப் போட்டால், அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். உடன்பாடோ மறுப்போ காட்ட விரும்பாத இடத்தில் ‘குறிப்பிடுகிறார்’ போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற அறிக்கைகளுக்குக் ‘காட்டுகிறது’ என்று அஃறிணையில் முடியுங்கள்.

படி 4. யாரும் மறுக்காத தகவலுக்கு ஆசிரியர் பெயரை வாக்கியத்துக்குள் இழுக்காதீர்கள். ஏற்காடு சேர்வராயன் மலையில் இருக்கிறது என்பதற்கு ஒருவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மூலம் தேவைப்படும் எளிய தகவலென்றால் செய்தியை எழுதிவிட்டு, இறுதியில் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் தந்தால் போதும். மஞ்சள் பூசிய இடங்களில் பல இதிலேயே கரைந்துவிடும். அதன் பிறகும் ஓரிரு ‘கூற்றுப்படி’ எஞ்சினால், அவை இருந்துவிட்டுப் போகட்டும்.