மட்டக்களப்பில் இருந்து வேலை, லண்டனில் வரி: நான் சரிசெய்த விதம்

மார்ச்சில் லண்டனை விட்டுக் களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிட்டேன், வேலை அதே கம்பனி. ஆனால் மே மாதச் சம்பளச் சீட்டிலும் 1257L என்ற வழக்கமான வரிக் குறியீட்டில் பிரித்தானிய வரி பிடித்திருந்தார்கள்.

எச்.ஆருக்கு எழுதினால், ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டப்படி, அதனால் வரியும் பிரித்தானியாவில்தான் என்றார்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவு, பிணக்கு வந்தால் எந்தச் சட்டம் என்பதற்குத்தான், சம்பள வரிக்கல்ல. பிறகு ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் இருக்க இலங்கையும் பிரித்தானியாவும் செய்த இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டினேன், அதற்கும் அசையவில்லை. பிரித்தானிய வரித் திணைக்களமான HMRC குறியீட்டை மாற்றாமல் கம்பனியால் நிறுத்த முடியாதாம், அது நியாயம்தான்.

சரி, நாட்டை விட்டுப் போனதை அறிவிக்கும் P85 படிவத்தை HMRCக்கு அனுப்பினேன். அதில் பலர் கவனிக்காத கேள்வி, பிரித்தானியாவில் எத்தனை நாள் வேலை செய்வீர்கள் என்பது. பூச்சியம் என்று போட்டேன். லண்டன் அலுவலகத்தில் போய் உட்காரும் நாட்களின் சம்பளத்துக்கு அங்கே வரி வரும். வரி பிடிக்க வேண்டாம் என்னும் NT குறியீடு வந்ததும் பிடித்த பணம் சம்பளத்தோடு திரும்பியது.

அப்புறம் இலங்கை வரிக்காகக் கம்பனி எதுவும் கழிக்காது. வருடத்தில் 183 நாள் இங்கே இருந்தால் நாமே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து, நவம்பர் 30க்குள் வரித் திரட்டு கொடுக்க வேண்டும்.