வினாத்தாள் போட்டோவிலிருந்து வரலாற்றுக் கட்டுரை விடைக்குக் குறிப்புச்சட்டம் போடுவது எப்படி?

தர்மபுரி பக்கம் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகள் பழைய வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, இதுக்கு மாதிரி விடை போட்டுக் குடுங்க" என்கிறார்கள். முழு விடை எழுதித் தந்தால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் குறிப்புச்சட்டம் மட்டும்தான் போட்டுத் தருவேன். அதை நீங்களே போட்டுக்கொள்ளும் வழி இது.

போட்டோ வாங்கும்போதே "டாக்குமெண்டா அனுப்பு" என்று சொல்லிவிடுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எண்கள் கரைந்துபோகும். கேள்வியைப் பென்சிலால் தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸில் எடுத்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. கையால் எழுதும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் கண்ணில் படுகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி: "1792 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை உருவானதையும், அதனால் உழவர் நிலையில் ஏற்பட்ட மாற்றங்களையும் மதிப்பிடுக. (15)"

இதில் பலரும் இடறுவது ஆண்டில்தான். தாளின் மடிப்பு எண்மேல் விழுந்திருந்தால் 1792 என்பது 1799 போலத் தெரியும். 1799ம் பொருத்தமான ஆண்டாகவே இருப்பதுதான் சிக்கல். திப்பு வீழ்ந்த ஆண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலிருந்து விடையைத் தொடங்கிவிடுவார்கள். அதே போட்டோவில் வேறு இடத்தில் தெளிவாக இருக்கும் 2, 9 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாள் இருமொழியில் இருந்தால் ஆங்கில வரியில் அந்த ஆண்டைத் தேடுங்கள். பிறகு வரலாற்றையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிதான் அது. அலெக்சாண்டர் ரீட் அங்கே கலெக்டர், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். 1799இல் மன்றோ கன்னடக் கரைக்கு மாற்றப்பட்டுப் போய்விட்டார். ஆகவே ரயத்துவாரி உருவான கதை 1792இல்தான் தொடங்கியாக வேண்டும். 1827 மன்றோ ஆளுநராக இருக்கும்போதே இறந்த ஆண்டு. இரண்டு முனையும் பொருந்திவிட்டன.

அடுத்து வினைச்சொல். "விவரி" என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். "மதிப்பிடுக" என்றால் நன்மை, தீமை இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். "உருவானதையும்", "மாற்றங்களையும்" என்று கேள்வியிலேயே இரண்டு உறுப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். மதிப்பெண்ணை இப்படிப் பிரிப்பேன்: முன்னுரை 2, உருவாக்கம் 5, மாற்றங்கள் 6, தீர்ப்பு 2. மாற்றங்களுக்கு அதிகம் கொடுப்பதற்குக் காரணம், மதிப்பீடு அங்கேதான் நடக்கிறது.

சட்டம் இப்படி வரும்.

முன்னுரை: இடைத்தரகர் இல்லாமல் அரசே உழவரிடம் நேராக வரி வாங்கும் முறை. 1793இல் வங்காளத்தில் வந்த நிலையான நிலவரித் திட்டத்தோடு ஒரே வரியில் ஒப்பிடுங்கள், போதும்.

உருவாக்கம்: பாராமகாலில் ரீட், மன்றோ செய்த நில அளவையும் வரி நிர்ணயமும். பிறகு 1800 முதல் 1807 வரை மன்றோ ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் செய்தது. நடுவில் ஏற்பட்ட விலகலை விட்டுவிடாதீர்கள்: நம் பாராமகாலிலேயே நிலத்தை மிட்டா என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்றார்கள், 1808 வாக்கில் கிராமக் குத்தகைமுறையும் வந்தது. மன்றோ ஆளுநரான 1820க்குப் பிறகே ரயத்துவாரி மாகாணத்தில் நிலைபெற்றது. நேர்க்கோட்டில் வளர்ந்ததுபோல எழுதுகிற விடைகளுக்கு நடுவே இந்த வளைவு உங்கள் விடையைத் தனியாகக் காட்டும்.

மாற்றங்கள்: ஒரு பக்கம் பட்டா, நிலத்தின்மேல் உரிமை, தரகர் நீங்கியது. மறுபக்கம் உயர்ந்த வரி, பணமாகவே கட்ட வேண்டிய நெருக்கடி, அதனால் வட்டிக்காரரிடம் போய் நிற்பது. இங்கே ஒரு ஆதாரம் உண்டு: 1807இல் மன்றோவே ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் வரியில் கால்பங்கைக் குறைக்கச் சொன்னார். முறையை வகுத்தவரே வரி அதிகம் என்று ஒத்துக்கொண்டதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தீர்ப்பு: உரிமை தாளில் கிடைத்தது, வரிச்சுமை அதன் பலனை அரித்தது. இரண்டே வாக்கியம்.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு தங்கை, "நம்ம ஊர் மன்றோ கதை நிறைய தெரியும், எல்லாத்தையும் எழுதலாமா?" என்று கேட்டாள். கேள்வி சென்னை மாகாணத்தைப் பற்றியது. பாராமகாலை உருவாக்கப் பகுதிக்குள் ஒரு பத்தியில் அடக்கிவிடுங்கள், அதற்கு மேல் போனால் மாற்றங்களுக்கு இடம் இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த இன்னொரு படத்தில் மதிப்பெண் எண் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அப்படி வந்தால் பிரிவின் தலைப்பில் இருக்கும் மொத்த மதிப்பெண்ணை, எழுத வேண்டிய கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். தலைப்பும் வெட்டுப்பட்டிருந்தால் மறுபடி படம் எடுக்கச் சொல்வதுதான் வழி.