வினைச்சொல் தொலைந்த தலைப்பை மொழிபெயர்ப்பது எப்படி? (ஆங்கிலம் – ரஷ்யம்)

‘த்ரீ இஞ்சர்ட் இன் மாஸ்கோ வேர்ஹவுஸ் ஃபயர்’. இந்த ஆங்கிலச் செய்தித் தலைப்பை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோவோம்.

முதல் படி, விழுந்துபோன சொல்லைத் திரும்ப வைப்பது. ஆங்கிலத் தலைப்புகள் நேற்று நடந்ததையும் நிகழ்கால வினையில்தான் பெரும்பாலும் சொல்லும். ஆகவே ‘இஞ்சர்ட்’ போன்ற வடிவத்தைக் கண்டால், அது இறந்தகால வினை அல்ல, ‘வேர்’ போன்ற துணைவினை உதிர்ந்த செயப்பாட்டுவினை என்றே முதலில் கொள்ளுங்கள். மூவர் யாரையும் காயப்படுத்தவில்லை, காயப்பட்டார்கள்.

இரண்டாவது, பெயர்ச்சொல் அடுக்கைப் பிரிப்பது. அதை வலமிருந்து படியுங்கள்: தீ, கிடங்கில், மாஸ்கோவில். ஆங்கிலத்தைப் போல மூன்றையும் வெறுமனே ஒட்டி வைக்க ரஷ்ய மொழி இடம் தராது. ஒவ்வொன்றுக்கும் முன்னிடைச்சொல்லும் வேற்றுமை உருபும் வேண்டும்: ‘ப்ரி பஜாரே நா ஸ்க்லாதே வ் மஸ்க்வே’.

மூன்றாவது, வினை. அகராதி ‘ரானெனி’ என்ற சொல்லைத் தரும். அதில் குண்டடி, வெட்டுக்காயத்தின் சாயல் உண்டு. தீ விபத்துச் செய்திக்கு ‘பஸ்த்ரதாலி’, அதாவது ‘பாதிக்கப்பட்டார்கள்’, பொருந்தும். நிகழ்ந்து முடிந்த செய்தி என்பதால் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக வரிசை. பின்னணியை முன்னால் வைத்து, புதிய தகவலை இறுதிக்குத் தள்ளுங்கள்: ‘ப்ரி பஜாரே நா ஸ்க்லாதே வ் மஸ்க்வே பஸ்த்ரதாலி த்ரோயெ’. ‘த்ரோயெ’ என்றால் மூவர். ‘மாஸ்கோ கிடங்கில் தீ: மூவர் காயம்’ என்று படித்துப் பழகிய நமக்கு இந்த வரிசை புதிதல்ல.

எதிர்த்திசையில் சிக்கல் வேறு. ரஷ்யத் தலைப்பில் துணைவினை மட்டுமல்ல, முழு வினையே காணாமல் போகும். ‘ப்ரெசிதென்த் – வ் பெகீனே’ என்றால் அதிபர் பெய்ஜிங்கில் இருக்கிறார். ‘ப்ரெசிதென்த் – வ் பெகீன்’ என்றால் பெய்ஜிங்குக்குப் போகிறார். இரண்டிலும் வினை இல்லை. கடைசி ‘ஏ’ இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு. தமிழின் ‘இல்’, ‘கு’ செய்கிற அதே வேலை. ஆங்கிலத்தில் உருபு இல்லாததால் இரண்டாவது தலைப்புக்கு ‘ஹெட்ஸ் டு பெய்ஜிங்’ என்று வினையை நாமே சேர்க்க வேண்டும். தொடக்க காலத்தில் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல், புறப்படாத ஒருவரை நான் பெய்ஜிங்கில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

உருபை நம்பினால் போதுமா என்றால், எப்போதும் போதாது. ரஷ்ய மொழியில் டோக்கியோ என்ற பெயர் வேற்றுமை ஏற்காது. ‘வ் தோகியோ’ என்பது டோக்கியோவில், டோக்கியோவுக்கு, இரண்டுமாகும். அப்படிப்பட்ட ஊர்ப்பெயர் வந்தால் செய்தியின் முதல் பத்தியைப் படித்த பிறகே தலைப்பைத் தொடுங்கள்.