சட்டையில் வெள்ளைக் கோடு தெரிகிறதா?

வெயிலில் நடந்து கடைக்குப் போய் வந்ததற்கெல்லாம் எலக்ட்ரோலைட் பவுடர் வேண்டாம். தண்ணீர் போதும், போன உப்பு சாப்பாட்டிலேயே திரும்ப வந்துவிடும்.

யாருக்குத்தான் தேவை? கான்கிரீட் தளம் போடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வெறும் தண்ணீராகவே குடிக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை. மதியம் சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு, கெண்டைக்காலில் பிடிப்பு. இவருக்கு உப்பு வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவர் என்றால் இன்னும் கவனம்: வெயிலுக்கு உடம்பு பழகும்வரை, முதல் ஒன்றிரண்டு வாரம், வியர்வையில் உப்பு அதிகமாகப் போகும். உப்புப் போட்ட மோரும் கஞ்சியுமே பெரும்பாலும் போதும். ஓஆர்எஸ் என்றால், 1 லிட்டர் பாக்கெட்டை முழு 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கவே கூடாது.

உப்பு மாத்திரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து அதை விழுங்கினால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும், இருக்கிற நீரும் போய்விடும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் பவுடரைக்கூட மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால் எதையும் புகட்டாதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.