வைண்டிங் கம்பிக்கு வாரக் கணக்கு

அம்பாசமுத்திரத்தில் பம்ப்செட் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 212 உதிரிபாகங்களையும் மாதம் ஒருமுறை ஒரே மாதிரி எண்ணிவந்தேன். பிசான நடவு நேரத்தில் வைண்டிங் கம்பி தீர்ந்துபோய், விவசாயிகள் மோட்டாரோடு காத்து நின்றது மனத்தை உறுத்தியது.

எதை அடிக்கடி எண்ண வேண்டும் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பொருளும் ஓராண்டில் செலவான அளவை வாங்கிய விலையால் பெருக்கி, பெரிய தொகையிலிருந்து இறங்குவரிசையில் எழுதினேன். கம்பி 300 கிலோ, கிலோ 900 ரூபாய்: 2,70,000. புது மோட்டார் 18,000 ரூபாய், ஆண்டுக்கு இரண்டே: 36,000. இத்தனை நாளும் மோட்டாரைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறேன்!

மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தேன். மொத்தத் தொகையில் முக்கால் பங்கு வரை வந்த 24 பொருள்கள் ‘ஏ’, வாரந்தோறும் எண்ணுகிறேன். அடுத்த 20 சதவீதம் ‘பி’, மாதம் ஒருமுறை. வாஷர், நட்டு போன்ற மீதியெல்லாம் ‘சி’. அவற்றை எண்ணுவதே இல்லை. இரண்டு டப்பாக்களில் வைத்து, ஒன்று காலியானதும் வாங்கிவிடுகிறேன்.

ஆனால், ‘சி’யில் இருந்த ஓர் ஆயில் சீல் இரண்டு நாள் வேலையை நிறுத்திவிட்டது. அது உள்ளூரில் கிடைக்காது. தொகையில் அவசரம் தெரிவதில்லை. அத்தகைய பொருள்களுக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டி, ‘பி’யோடு சேர்த்து எண்ணுகிறேன்.